பாட்டிலின் கழுத்தைக் காட்டுங்கள்

மளிகைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்பில் மாலை ஆறு மணிக்கு மேல் வந்து விழும் படங்களில் ஒரு வகை உண்டு. சுவரில் சுவிட்ச் போர்டு, அதில் செருகிய கொசு மிஷின், அதன் அடியில் தொங்கும் பாட்டில். கீழே ஒரு வரி: "இதுக்கு ரீஃபில் இருக்கா?" அனுப்பியவருக்கு எல்லாவற்றையும் காட்டிவிட்ட திருப்தி. கடைக்காரருக்கோ அந்தப் படத்தில் மிஷினின் நிறத்தைத் தவிர எதுவும் தெரிவதில்லை. பொருந்துமா, பொருந்தாதா என்பதைச் சொல்லும் இடங்கள் எல்லாம் பாட்டிலும் மிஷினும் சேர்கிற இடத்தில் இருக்கின்றன. பாட்டிலைக் கழற்றாமல் எடுத்த படத்தில் அந்த இடம் முழுக்க மறைந்துபோகிறது.

இன்னொரு சிக்கல் பெயர். நம் ஊரில் எந்தக் கம்பெனி மிஷினாக இருந்தாலும் பலருக்கு அது "ஆல் அவுட்"தான். சில வீடுகளில் எல்லாமே "குட்நைட்". மிஷின் ஒரு கம்பெனி, அதில் மாட்டியிருக்கும் பாட்டில் வேறு கம்பெனி என்பதும் சாதாரணமாக நடப்பதுதான். அதனால் மிஷினின் முகத்தில் உள்ள பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டில் எடுத்துக்கொடுத்தால் பாதி நேரம் சரியாக வரும், மீதி நேரம் திரும்பி வரும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எதைப் படம் எடுக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும். பாட்டிலில் இருப்பது மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த, வாடை நீக்கிய ஒரு எண்ணெய். கொசு மருந்து அதில் கரைந்திருக்கிறது, மிகச் சிறிய அளவில். பல லேபிள்களில் 0.88 சதவீதம் என்றோ 1.6 சதவீதம் என்றோ பார்க்கலாம். பாட்டிலின் வாயில் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு. அதன் நடுவில் பென்சில் பருமனில் ஒரு திரி, அடிவரை இறங்கி, மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நுண்துளைகள் நிறைந்த அந்தத் திரி எண்ணெயை மேலே இழுக்கிறது. மிஷினுக்குள் ஒரு ஹீட்டர் வளையம் இருக்கிறது. பாட்டிலைத் திருகி ஏற்றும்போது திரியின் நுனி அந்த வளையத்தின் நடுவில் போய் நிற்கிறது. வளையமும் திரியும் தொட்டுக்கொள்வதில்லை. சுற்றிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. நூறு டிகிரிக்கு மேல் சூடாகும் அந்த வளையத்தின் வெப்பத்தில் திரி நுனியில் உள்ள எண்ணெயும் மருந்தும் ஆவியாகி மேலே உள்ள ஓட்டை வழியாக அறைக்குள் போகின்றன.

ஆக, ஒரு பாட்டில் பொருந்துகிறது என்று சொல்ல மூன்று விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும். கழுத்தின் மரை மிஷினில் ஏற வேண்டும். திரியின் பருமன் வளையத்துக்குள் இடிக்காமல் நுழைய வேண்டும். திரி நிற்கும் உயரம் வளையத்துக்கு நேராக வர வேண்டும். இதில் மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பாட்டில் திருகி ஏறிவிட்டது என்றால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். இந்தியாவில் அதிகம் விற்கும் பாட்டில்களின் கழுத்துகள் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பதால் பெரும்பாலும் ஒன்று இன்னொன்றின் மிஷினில் ஏறிவிடும். எந்த மிஷினுக்கும் பொருந்தும் என்று பெட்டியிலேயே அச்சிட்டு விற்பவர்களும் உண்டு. எங்கள் மிஷினில் மட்டும் போடுங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. இந்த இரண்டாவது பேச்சை வெறும் வியாபாரத் தந்திரம் என்று நான் ஒதுக்கமாட்டேன். தங்கள் திரியின் உயரத்துக்கும் தங்கள் மருந்துக்கும் ஏற்ற சூட்டைத்தான் ஒவ்வொரு கம்பெனியும் தன் மிஷினில் வைக்கிறது.

திரி குட்டையாக இருந்தால் நுனி வளையத்துக்குக் கீழேயே நின்றுவிடும். விளக்கு எரியும், மிஷின் சூடாகும், கொசு மட்டும் போகாது. வாரக்கணக்கில் ஓடினாலும் பாட்டிலில் மட்டம் இறங்கியிருக்காது. திரி நெட்டையாக இருந்தால் மட்டம் வேகமாக இறங்கும், மேலே ஓட்டையைச் சுற்றிப் பிசுபிசுப்பாக எண்ணெய் படியும், மருந்து வாடை தூக்கலாக இருக்கும். பருமனோ நேரோ சரியில்லாவிட்டால் திருகும்போதே திரி வளையத்தில் இடித்து நுனி உடைந்துவிடும். மொறமொறவென்று ஒரு சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். உடைந்த துண்டு வளையத்துக்குள் சிக்கிக்கொண்டால் அடுத்து எந்தப் பாட்டிலும் அதில் சரியாக ஏறாது.

இனி ஒரு கேஸை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். தஞ்சாவூரில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மிஷின் பழையது, முகத்தில் இருந்த பெயர் துடைத்துத் துடைத்து அழிந்துவிட்டது. ஜன்னலோரம் மாட்டியிருந்ததால் பாட்டிலின் லேபிளும் வெயிலில் வெளுத்துப்போய், "45" என்ற எண்ணும் மருந்துப் பெயரின் பின்பாதியும் மட்டும் மிச்சம். பாட்டில் காலி. வழக்கம்போலச் சுவரில் மாட்டியபடியே ஒரு படம் எடுத்துத் தெருமுனைக் கடைக்கு அனுப்புகிறார். கடைப் பையன் போன் போடுகிறான்.

"சார், பிளக்கப் புடுங்கி, ஒரு கால் மணி நேரம் ஆற விட்டு, பாட்டிலக் கழட்டுங்க. அப்புறம் பாட்டிலோட தலைய ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

"எதுப்பா தலை?"

"கறுப்பா ஒரு திரி நிக்குது பாருங்க சார், அந்தப் பக்கம். பக்கவாட்டுல நின்னு எடுங்க. கழுத்து தெரியணும்."

பையன் கேட்டது சரியான படம். பக்கவாட்டுப் படத்தில் மரை எத்தனை சுற்று, எவ்வளவு அகலம், அடைப்புக்கு மேலே திரி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் ஒரே பார்வையில் கிடைத்துவிடும். இரண்டாவதாகக் கேட்டது மிஷினின் அடிப்பாகம். அதைக் கவிழ்த்து மேசையில் வைத்து, இன்னொரு போனின் டார்ச்சை ஓட்டைக்குள் அடித்து எடுக்க வேண்டும். வெளிச்சம் இல்லாவிட்டால் கறுப்பு வட்டம் ஒன்றுதான் தெரியும். வெளிச்சம் விழுந்தால் உள்மரையும், அதற்கு உள்ளே வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஹீட்டர் வளையமும் தெரியும். வளையம் உடைந்திருக்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, பழைய திரித் துண்டு ஏதாவது உள்ளே கிடக்கிறதா என்று இதிலேயே பார்த்துவிடலாம். பார்ப்பதற்கு மட்டும்தான் இந்த ஓட்டை. ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகக் கூடாது. மூன்றாவது படம், மிஷினின் பின்பக்கம் பிளக் கம்பிகளுக்கு அருகில் ஒட்டியோ பொறித்தோ இருக்கும் எழுத்து. வோல்டேஜும் வாட்டும் அங்கேதான் இருக்கும், பல மிஷின்களில் முகத்தில் அழிந்துபோன கம்பெனிப் பெயரும் அங்கே பத்திரமாக இருக்கும்.

ஆசிரியரின் மிஷினில் அந்த எழுத்தும் போய்விட்டது. அப்போதுதான் அளவுக்குப் போக வேண்டியிருக்கிறது. போட்டோவில் அளவு பார்க்க, அளவு தெரிந்த ஒரு பொருள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்க் காசுகளை இதற்கு நம்ப முடியாது. அவை வரிசைக்கு வரிசை அளவு மாறி வந்திருக்கின்றன, பழசும் புதுசும் ஒரே பர்சில் கிடக்கின்றன. இரண்டு நிறத்தில் வரும் பத்து ரூபாய்க் காசு மட்டும் எந்த வருஷத்துக் காசானாலும் 27 மில்லிமீட்டர்தான். பெட்டிக்கடைகளில் வாங்க மறுக்கிற காசுக்கு இப்படி ஒரு உபயோகம்.

காசை எங்கே வைப்பது, எங்கே நின்று எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாட்டிலை நிற்க வைத்து, கழுத்துக்குச் சற்றுக் கீழே உடம்பில் காசை டேப்பால் ஒட்டுங்கள். கழுத்தைவிட உடம்பு அகலம் என்பதால் காசு, கழுத்தின் நடுவைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கேமராவுக்கு அருகில் இருக்கும். போனைப் பத்து சென்டிமீட்டரில் வைத்து எடுத்தால் இந்த ஒரு சென்டிமீட்டர் பத்தில் ஒரு பங்கு பிழையைக் கொண்டுவந்துவிடும். 7 மில்லிமீட்டர் திரி ஆறரைக்கும் கீழாகத் தெரியும். இரண்டடி தள்ளி நின்று, ஜூம் செய்து எடுத்தால் பிழை நூற்றுக்கு இரண்டுக்குள் அடங்கிவிடும். கேமராவும் கழுத்தின் உயரத்துக்கே இருக்க வேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் திரி உண்மையைவிடக் குட்டையாகத் தெரியும்.

ஆசிரியர் அப்படியே எடுத்து அனுப்பினார். பையன் படத்தைப் பெரிதாக்கி, காசு திரையில் 54 மில்லிமீட்டர் வரும்படி நிறுத்திக்கொண்டு, பள்ளிக்கூட ஸ்கேலைத் திரைமேல் வைத்தான். 54 என்றால் அசலில் 27. அதாவது திரையில் தெரிவதெல்லாம் சரியாக இரட்டிப்பு. திரியின் பருமன் திரையில் 14, எனவே அசலில் 7. இது சந்தையில் மிகச் சாதாரணமான திரி அளவு. கழுத்தின் விளிம்பிலிருந்து திரி நுனி வரை திரையில் 22, அசலில் 11. கடையில் இருந்த இரண்டு கம்பெனிப் பாட்டில்களையும் பிரித்து, மூடியைக் கழற்றி, அதே மாதிரி காசு ஒட்டி, அதே தூரத்தில் இருந்து அவனும் படம் எடுத்தான். இரண்டிலும் திரி 7. ஒன்றில் நுனி 11 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது, இன்னொன்றில் 8. இரண்டுமே அந்த மிஷினில் திருகி ஏறியிருக்கும். மூன்று மில்லிமீட்டர் கீழே நிற்கும் திரி வளையத்தின் வாசலில் நிற்குமே தவிர உள்ளே போயிருக்காது.

காலி பாட்டிலைக் கையோடு கடைக்கு எடுத்துவர முடிந்தால் இவ்வளவு கணக்கு வேண்டாம். புதுப் பாட்டிலின் மூடியைக் கழற்றிப் பழைய பாட்டிலில் திருகிப் பாருங்கள். சிக்காமல், சாயாமல் கடைசிவரை இறங்கி உட்கார்ந்தால் மரை ஒன்றுதான். பாதியில் இறுகினாலோ, இறங்கிய பிறகும் லொடலொடவென்று ஆடினாலோ அது வேறு. பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, கழுத்து விளிம்பை விளிம்போடு சேர்த்துத் திரி நுனிகளைப் பாருங்கள். மேசைமேல் நிற்க வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். பாட்டில்களின் உயரமே வேறாக இருக்கலாம். கழுத்துதான் அளவின் தொடக்கம், ஏனென்றால் மிஷின் பிடித்துக்கொள்வது கழுத்தைத்தான். சரிந்த மரையில் பலவந்தமாக ஏற்றிய பாட்டில் சுவரில் தொங்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், இரவில் கட்டிலுக்கு மேலேயே கழன்று விழுந்தாலும் விழும்.

உருவம் ஒத்துவந்தது. அடுத்தது மருந்து. பழைய லேபிளில் மிச்சமிருந்த பின்பாதி "ஃப்ளுத்ரின்" என்று முடிந்தது, ட்ரான்ஸ்ஃப்ளுத்ரினாக இருக்கலாம் என்று தோன்றும். சற்று முந்தைய காலத்துப் பாட்டில்களில் ப்ராலெத்ரின் அதிகம். 2024-இல் கோத்ரெஜ் ரெனோஃப்ளுத்ரின் என்ற புது மருந்தோடு லிக்விடைக் கொண்டுவந்தது. அதுவும் "ஃப்ளுத்ரின்" என்றே முடிகிறது. எல்லாம் ஒரே குடும்பம்தான் என்றாலும் ஆவியாகும் குணம் ஒன்றல்ல. ட்ரான்ஸ்ஃப்ளுத்ரின் மற்ற பலவற்றைவிடக் குறைந்த சூட்டிலேயே எளிதாகக் காற்றில் கலந்துவிடும். ப்ராலெத்ரினுக்கு இன்னும் சூடு வேண்டும். பழைய மிஷினில் புது மருந்தோ புது மிஷினில் பழைய மருந்தோ போட்டால் எதுவும் வெடித்துவிடாது. போதிய அளவு மருந்து வராமல் போகலாம், அல்லது தேவைக்கு மேல் வரலாம். சிறு குழந்தை, இழுப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் இரண்டாவதைக் கவனிக்க வேண்டும். 0.88 சதவீதம் வந்த இடத்தில் 1.6 சதவீதம் போட்டால், எண்ணெய் அதே வேகத்தில் தீர்ந்தாலும் அறைக்குள் வரும் மருந்து ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இதனால்தான் லேபிளின் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள் என்கிறேன். கொசு மருந்தும் சட்டப்படி பூச்சிக்கொல்லிதான். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் வருகிறது. மருந்தின் பெயர், சதவீதம், பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். சாய்த்து நிறுத்திய சதுரம் ஒன்று, அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தில் நிறம், இதுவும் இருக்கும். அந்தச் சதுரமும் பதிவு எண்ணும் இல்லாமல், பெரிய கம்பெனியின் பெயரைப் போலவே எழுத்து மாற்றி எழுதிய பெயரோடு மலிவாக வரும் பாட்டில், கழுத்து எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் எண்ணெய் என்ன என்பதை எந்தப் போட்டோவும் சொல்லாது.

காலி பாட்டிலில் மண்ணெண்ணெயும் கற்பூரமும், அல்லது வேப்பெண்ணெயும் கலந்து ஊற்றிக்கொள்வது வீடியோக்களில் பிரபலமாகிவிட்ட யோசனை. நூறு டிகிரிக்கு மேல் சூடான வளையத்துக்குள், எந்தச் சூட்டில் பற்றும் என்று யாரும் சோதிக்காத திரவம் ஒன்றை இரவு முழுக்க ஏற்றிவிடுகிறோம். வேப்பெண்ணெய் கெட்டியானது, திரியின் நுண்துளைகளை அடைத்துவிடும். பிறகு அந்தத் திரி எதற்கும் ஆகாது.

சில படங்களுக்குப் பார்த்த உடனேயே இல்லை என்று பதில் சொல்லிவிடலாம். மிஷினின் அடியில் ஓட்டையே இல்லாமல், மேலே தட்டையான உலோகத் தகடு மட்டும் இருந்தால் அது மேட் மிஷின். அதற்கு நீல நிறச் சின்ன அட்டைதான், பாட்டில் கிடையாது. பாட்டிலின் கழுத்தில் மரையே இல்லாமல் பக்கவாட்டில் இரண்டு காது போல நீட்டியிருந்தால் அது அழுத்திப் பூட்டும் வகை, பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் உறவினர்கள் கொண்டுவந்து கொடுத்த மிஷின்கள் நம் ஊரில் நிறைய ஓடுகின்றன. அந்த நாடுகளின் மின்சாரம் பெரும்பாலும் நமக்கு ஒத்துவரும். பாட்டில்தான் இங்கே கிடைக்காது. ஜப்பான் மிஷின் என்றால் இன்னும் கவனம். வீட்டுக் கொசு மிஷினில் ஜப்பான்தான் முன்னோடி. ஃபுமாகில்லா கம்பெனி 1963-லேயே மின்சார மேட் மிஷினைக் கொண்டுவந்தது. ஆனால் அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். பின்பக்கப் படத்தில் 100 என்ற எண் தெரிந்தால் நம் 230 வோல்ட் சாக்கெட்டில் அதைச் செருகவே கூடாது, ரீஃபில் தேடுவது அப்புறம்.

தஞ்சாவூருக்கே திரும்புவோம். 11 மில்லிமீட்டர் திரி உள்ள பாட்டிலே வீட்டுக்குப் போனது. ஆசிரியருக்கு ஒரு சந்தேகம் பாக்கி: பழைய பாட்டில் ஏன் மூன்றே வாரத்தில் தீர்ந்தது? பொருந்தாத பாட்டிலைத் தலையில் கட்டிவிட்டார்களோ? பையன் முதல் படத்தையே மறுபடி பெரிதாக்கிப் பார்த்தான். மிஷினின் பக்கத்தில் ஒரு சின்னத் தள்ளு பொத்தான், அதன் ஒரு முனையில் ஒரு புள்ளி, மறு முனையில் இரண்டு புள்ளி. பொத்தான் இரண்டு புள்ளிப் பக்கம் கிடந்தது.

"சார், அது எப்பவும் அங்கதான் இருக்குமா?"

"துடைக்கும்போது அப்படிப் போயிருக்கும். நான் அதத் தொட்டதே இல்லையே தம்பி."

இரண்டு புள்ளி என்பது கொசு அதிகம் உள்ள சாயங்கால நேரத்துக்கு என்று வைத்த வேகம். சில மிஷின்களில் இந்தப் பொத்தான் திரியையும் வளையத்தையும் இன்னும் நெருக்கமாக்குகிறது. சிலவற்றில் சூட்டையே கூட்டுகிறது. எப்படியானாலும் பாட்டில் சீக்கிரம் காலியாகும். பொத்தானை ஒரு புள்ளிக்குத் தள்ளச் சொல்லிவிட்டு, பாட்டிலின் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போடச் சொன்னான். புது லேபிளில் 45 மில்லி, தினம் எட்டு மணி நேரம் வீதம் 60 இரவு என்று இருந்தது. அதன்படி ஓர் இரவுக்கு முக்கால் மில்லி, பத்து இரவுக்கு ஏழரை மில்லி, அதாவது பாட்டிலில் ஆறில் ஒரு பங்கு இறங்க வேண்டும். பத்தாம் நாள் காலையில் மட்டம் கோட்டிலேயே நின்றால் திரி வளையத்தை எட்டவில்லை, அல்லது ஹீட்டர் செத்துவிட்டது. பாதிக்குக் கிட்டே போய்விட்டால் திரி நெட்டை, அல்லது பொத்தான் மறுபடி நகர்ந்துவிட்டது. ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் அடுத்த முறை பழைய பாட்டிலைத் தேடி எடுத்துப் படம் பிடிக்க வேண்டியதில்லை. இந்தப் பாட்டிலின் லேபிளை, வெயில் தின்பதற்கு முன்னால், இப்போதே ஒரு படம் எடுத்துக் கடையின் எண்ணுக்கே அனுப்பி வைத்துவிடலாம்.